ஐந்தாவது யூனிட்

நாற்பது தாள்களில் முப்பத்தொன்பதைத் தாண்டிவிட்டுக் கடைசி ஒன்றில் எட்டு வருடமாக நின்றுகொண்டிருந்தாள் கோகிலவாணி. அந்த ஒன்றுக்குப் பெயர் ஜாவா.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் மேலே, பேருந்து நின்ற இடத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டிய ஊரில் பிறந்தவள். தமிழில் பத்தாவது படித்துக் கள்ளக்குறிச்சியில் ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமோ சேர்ந்தாள். முதல் நாள் வகுப்பில் ஆசிரியர் ஆங்கிலத்தில் பேசியதைக் கேட்டு, பக்கத்திலிருந்த பெண் சிரித்த இடங்களில் தானும் சிரித்துவைத்தாள். ஆனாலும் கணக்கு, மின்சுற்று, சி மொழி என்று ஒவ்வொன்றாகக் கடந்துவிட்டாள். ஜாவாவில் முதல் தடவை முப்பத்தொன்று. இரண்டாம் தடவை முப்பத்துநான்கு. தேற நூற்றுக்கு நாற்பது வேண்டும். மூன்றாம் தடவை எழுதலாம் என்றிருந்தபோது ஊரடங்கு வந்தது. அப்புறம் மலைக்குப் புளி ஏற்ற வந்த வண்டிக்கார வீரமணி வந்தான். கல்யாணம் ஆகிச் சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனிக்கு இறங்கி வந்துவிட்டாள். மாமியார் கொளஞ்சியம்மாளோடு கரும்பு வெட்டுக்குப் போனாள். கையில் காய்ந்த கரும்புச் சோகை கீறிய கோடுகள் விழுந்தன. ஜாவா அங்கேயே நின்றது.

பிப்ரவரி மாதத்தில் ஒருநாள் தீனதயாளன் கூப்பிட்டான். அவளோடு படித்தவன், சங்கராபுரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடையும் இரண்டு கம்ப்யூட்டரும் வைத்திருப்பவன்.

"கோகிலா, நம்ம ஸ்கீமுக்குக் கடைசி சான்ஸ் வுட்டுருக்கான். ஏப்ரல்ல எழுதினாத்தான் உண்டு. இதுக்கப்புறம் நம்ம பழைய பாடத்திட்டத்த இழுத்து மூடிடுறாங்க."

"மூடிட்டா?"

"மூடிட்டா நீ டிப்ளமோவே படிக்கலன்னு அர்த்தம். முப்பத்தொம்பதும் போச்சு."

விண்ணப்பத்தை அவனே அனுப்பிவிட்டான்.

இதில் இன்னொன்றும் இருந்தது. உளுந்தூர்பேட்டை பைபாஸில் ஒரு மாட்டுத்தீவன ஆலை. வீரமணி அங்கே மூட்டை ஏற்றப் போகும்போது, பில் போடும் கம்ப்யூட்டருக்கு ஆள் தேடுவதாக மேலாளர் சொல்லியிருந்தார். டிப்ளமோ சான்றிதழோடு ஜூன் கடைசிக்குள் வந்தால் வைத்துக்கொள்கிறேன் என்றார். மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி. கோகிலவாணி அதுவரை நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்த யாரையும் தன் குடும்பத்தில் பார்த்ததில்லை.

தேர்வுக்குச் சரியாக முப்பது நாள் இருந்தபோது, பழைய காலண்டரின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டாள். ஐந்து யூனிட். ஒன்றுக்கு ஐந்து நாள் வீதம் இருபத்தைந்து. கடைசி ஐந்து நாள் திருப்பிப் பார்க்க. முதல் யூனிட் மொழியின் அடிப்படை, இரண்டாவது கிளாஸும் ஆப்ஜெக்டும், மூன்றாவது இன்ஹெரிட்டன்ஸும் இன்டர்ஃபேஸும், நான்காவது எக்ஸெப்ஷனும் த்ரெட்டும், ஐந்தாவது, வலைப்பக்கத்துக்குள் ஓடும் சின்னப் புரோகிராமான அப்லெட். விடியற்காலை ஐந்திலிருந்து ஆறரை வரை நோட்டு. வயலில் சாப்பாட்டு நேரத்தில் அரை மணி. சாயங்காலம் வீரமணி வந்ததும் அவன் போனில் ஒரு மணி நேரம் வீடியோ. ஞாயிற்றுக்கிழமை தீனா கடையில் தட்டிப் பார்ப்பது.

கொளஞ்சியம்மாள் சுவரில் ஒட்டியதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாடி இது, செவுத்துல?"

"டைம் டேபிள் அத்த. முப்பது நாளு."

"முப்பது கட்டம் இருக்குது. ஒரு கட்டத்துலகூட சோறாக்கறதுன்னு போடலியே."

"அது போடாமயே நடக்கும்."

"அது சரி. எழுதாத வேலையெல்லாம் பொம்பளைங்க வேலதான்" என்றாள் கொளஞ்சியம்மாள். ஆனால் மறுநாளிலிருந்து காலை உலையை அவளே வைத்தாள்.

பாலிடெக்னிக்கில் கோகிலவாணிக்குச் சொல்லிக்கொடுத்த வழி ஒன்றுதான்: வரும் என்று நினைக்கிற இருபது புரோகிராமை மனப்பாடம் செய்து, வந்ததை இறக்கிவைப்பது. இரண்டு தடவையும் அப்படித்தான் தோற்றாள். நடுவில் ஒரு வரி மறந்தால் அதற்குப் பின்னால் வருவது எல்லாம் சரிந்துவிடும். இந்தத் தடவை புரியாமல் ஒரு பக்கமும் திருப்புவதில்லை என்று முடிவெடுத்தாள். எதையும் ஏன் என்று கேட்காமல் விடாத பிறவி அவள். ஹாஸ்டலில் சாமி படத்துக்கு முன்னால் பேனா வைத்து எடுத்த பெண்களிடம், "சாமி எந்த காலேஜ்" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

ஏழாம் நாள் வயலில் கிளாஸ் புரிந்தது. கரும்பு ஆலை ஒவ்வொரு விவசாயிக்கும் வெட்டுவதற்கு ஒரு கட்டிங் ஆர்டர் கொடுக்கும். பெயர், எத்தனை ஏக்கர், என்றைக்கு வெட்டு, எத்தனை டன் என்று அச்சடித்த வெற்றுத்தாள். நிரப்பினால்தான் அது சுப்புராயன் ஆர்டர், இன்னாருடைய ஆர்டர் என்று ஆகும். அச்சடித்த தாள் கிளாஸ். நிரப்பிய ஒவ்வொன்றும் ஆப்ஜெக்ட். நிரப்புகிற வேலையைச் செய்வது கன்ஸ்ட்ரக்டர். டன் என்கிற இடத்தில் யார் வேண்டுமானாலும் பேனாவால் கிறுக்க முடியாது, எடைமேடையில் வண்டி ஏறினால்தான் அதில் எண் விழும். அப்படியானால் டன் பிரைவேட், எடைமேடை மெத்தட். கரும்புக் கட்டின் மேல் உட்கார்ந்து நோட்டின் ஓரத்தில் இதை எழுதியபோது அவளுக்குக் கோபம்தான் வந்தது. மூன்று வருடத்தில் ஒருவராவது இதை இப்படிச் சொல்லியிருக்கலாமே. வரையறையை ஆங்கிலத்தில் எழுதிப்போட்டுவிட்டு, மலையிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு மண்டை கம்மி என்று அலுத்துக்கொண்டவர்களின் முகம் ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தது.

பதின்மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு இடத்தில் முட்டிக்கொண்டாள். 'வண்டி' என்று ஒரு கிளாஸ். அதிலிருந்து பிறந்தது 'லாரி'. இரண்டிலும் 'ஓடு' என்று ஒரு மெத்தட் இருக்கிறது. வண்டி என்ற வகையில் அறிவித்த பெயருக்குள் லாரி ஆப்ஜெக்டை வைத்து 'ஓடு' என்றால் எது ஓடும்? சாப்பிட்டுக்கொண்டிருந்த வீரமணியிடம் கேட்டாள்.

"இன்னா கேக்கற நீ? ஆர்.சி. புக்குல வண்டின்னு போட்டிருக்குது, நிக்கறது லாரி. அவ்ளோதான?"

"ஆமா."

"கீ போட்டா லாரிதான் ஓடும். புக்கா ஓடும்?"

போனில் இருந்த கம்பைலரில் தட்டிப் பார்த்தாள். லாரியின் 'ஓடு' தான் ஓடியது. பெயர் எந்த வகை என்பது இல்லை, உள்ளே இருக்கிற ஆப்ஜெக்ட் எது என்பதுதான் கணக்கு.

"நீயே எழுதிடுவ போல பரீச்சைய" என்றாள்.

"எனக்கு டிரைவிங் லைசென்ஸ்தான் முடியும். அதுலயும் எட்டு போடச் சொல்லி ரெண்டு தடவ பெயிலு" என்றான் அவன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தீனா கடையில் அவள் செய்த தவறுகளை அவளே எண்ணிக்கொள்வாள். ஃபைல் பெயரும் பப்ளிக் கிளாஸின் பெயரும் ஒன்றாக இல்லை. மெயினுக்கு முன்னால் ஸ்டாட்டிக் இல்லை. திறந்த அடைப்புக்குறி மூடவில்லை. படிக்கிற காலத்தில் ஆறு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர், அதிலும் விரல் வைத்தது பையன்கள். இப்போது தனியாக உட்கார்ந்து, சிவப்பில் வருகிற ஒவ்வொரு பிழையையும் படித்து, திருத்தி, மறுபடி ஓடவிட்டாள். பிழைச் செய்தி அவளைத் திட்டவில்லை. எந்த வரி, என்ன குறை என்று சொன்னது. அவளுக்கு வாய்த்த ஆசிரியர்களில் பொறுமையானது அதுதான்.

கட்டங்கள் ஒவ்வொன்றாகச் சிவப்பு மசியால் அடிபட்டன. பதினைந்தாம் நாள் மூன்று யூனிட் முடிந்திருந்தது.

பதினாறாம் நாள் காலையில் மலையிலிருந்து போன். அவள் அப்பா அம்மாசி புளி உலுக்க ஏறி, மரத்திலிருந்து விழுந்துவிட்டார். தொடையெலும்பு. ஆம்புலன்ஸ் வரும் இடம் வரைக்கும் தொட்டில் கட்டித் தூக்கிவந்து, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அம்மா போன வருடமே இறந்துவிட்டாள். பக்கத்தில் இருக்க மகளை விட்டால் ஆளில்லை.

நடந்தவற்றை வரிசையாகத் திருப்பிப் பார்த்தால் ஒன்று தெரியும். அந்த ஊருக்கு ரோடு இருந்திருந்தால், அறுபத்திரண்டு வயதில் மரம் ஏறாமல் பிழைக்க ஒரு வழி இருந்திருந்தால், கோகிலவாணியின் பதினாறாம் கட்டம் பதினாறாம் கட்டமாகவே இருந்திருக்கும். விதி என்பார்கள். ரோடு போடாததற்கு எந்த விதியும் பொறுப்பில்லை.

ஆறு நாள் கட்டிலுக்குக் கீழே துண்டு விரித்துப் படுத்தாள். நோட்டைக் கொண்டுபோயிருந்தாள். எக்ஸெப்ஷன் மட்டும் அங்கே ஓரளவு முடிந்தது. டிரை என்ற பகுதியில் ஏதாவது உடைந்தால் கேட்ச் பிடித்துக்கொள்ளும். உடைந்தாலும் உடையாவிட்டாலும் ஃபைனலி என்ற பகுதி நடந்தே தீரும். அப்பாவுக்குச் சட்டி வைத்து எடுப்பது, டீ வாங்கி வருவது, மருந்துச் சீட்டுக்கு ஓடுவது எல்லாம் ஃபைனலி என்று நினைத்துக்கொண்டாள்.

"உன் பரீச்ச இன்னா ஆச்சு?" என்றார் அம்மாசி மூன்றாம் நாள்.

"இருக்குது. நீ படு."

"என்னால கெட்டுப்போவப் போவுது."

"நீ எறங்கற வேகத்துல எறங்கியிருந்தா கெட்டிருக்காது" என்றாள். அவர் சிரித்தார். சிரித்ததில் கால் வலித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இருபத்திரண்டாம் நாள் அண்ணன் முறைக்காரர் ஒருவர் மலையிலிருந்து வந்து பொறுப்பேற்க, கோகிலவாணி நேரே சங்கராபுரத்துக்குப் பேருந்து ஏறினாள். மிச்சம் ஒன்பது நாள். த்ரெட் தொடவில்லை. அப்லெட் தொடவில்லை. முதல் மூன்று யூனிட் மங்கத் தொடங்கியிருந்தது. ஆறு சிவக்காத கட்டங்களை மிச்சக் கட்டங்களுக்குள் எப்படி அடக்குவது?

"ஒண்ண வுடணும்" என்றான் தீனா. "எல்லாத்தையும் தொட்டா எல்லாம் அரைகொற."

"எத?"

"அஞ்சாவது. அப்லெட். அது செத்துப்போய் எத்தன வருஷம் ஆச்சு தெரியுமா? எந்த பிரவுசரும் ஓட்டறதில்ல. ஜாவாக்காரனே வேணாம்னு தூக்கிட்டான். எவன் கேப்பான் அத?"

"சிலபஸ்ல இருக்குதே."

"சிலபஸ் பத்து வருஷத்துக்கு முன்ன அடிச்சது. கொஸ்டின் எடுக்கறவன் இன்னிக்கு எடுக்கறான்ல?"

அவள் அப்படியே நம்பிவிடவில்லை. பழைய வினாத்தாள் கேட்டாள். தீனா அலமாரியில் தேடினான். புதுப் பாடத்திட்டத்தின் தாள்கள் கட்டுக்கட்டாக இருந்தன, ஒன்றிலும் அப்லெட் இல்லை. பழைய திட்டத்தின் தாள் ஒன்றுகூட இல்லை. கேட்க ஆளில்லாததால் பழைய தாள்களைப் போன வருடமே எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னான்.

அப்போதும் அவள் எழுந்துவிடவில்லை. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து புத்தகத்தின் ஐந்தாவது யூனிட்டில் இருந்த முதல் அப்லெட்டை அப்படியே தட்டினாள். கம்பைல் செய்தபோது, இது நீக்கப்படவிருக்கிற பழைய சரக்கு என்று எச்சரிக்கை வந்தது. ஓட்டிக்காட்டப் புத்தகம் சொன்ன கட்டளையைக் கொடுத்தாள். அப்படி ஒரு கட்டளையே தெரியாது என்றது கம்ப்யூட்டர். ஹெச்.டி.எம்.எல். பக்கத்தில் அப்லெட்டைச் செருகி பிரவுசரில் திறந்தாள். வெள்ளையாக ஒரு பக்கம் வந்தது. 'வணக்கம்' என்று வரவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. இரண்டு தடவை புதுப்பித்துப் பார்த்தாள். வெள்ளை.

"பாத்தியா?" என்றான் தீனா.

பார்த்தாள். கண்ணால் பார்த்துவிட்டாள். சொன்னதை நம்பவில்லை, சோதித்தாள், சோதனை ஒரே பதிலைத்தான் கொடுத்தது. வாழ்க்கையில் எதையும் அவள் அப்படித்தான் முடிவுசெய்வாள். வீட்டுக்கு வந்து ஸ்கேல் வைத்து, ஐந்தாவது யூனிட்டின் கட்டங்களின் மேல் ஒரே கோடாக அடித்தாள். அந்த நாட்களை த்ரெட்டுக்கும் திருப்பிப் படிப்பதற்கும் பிரித்துக்கொடுத்தாள்.

தேர்வுக்கு முந்தின நாள் கொளஞ்சியம்மாள் ஹால் டிக்கெட்டைக் கேட்டாள்.

"அம்மன் காலடியில வெச்சு எடுத்தாந்துடறேன்."

"வேணாம் அத்த. அம்மனுக்கு ஜாவா தெரிஞ்சா அதே போய் எழுதட்டும்."

"உன் வாய்க்கு ஒருநாளு இருக்குது" என்றாள் கொளஞ்சியம்மாள். ஆனால் வற்புறுத்தவில்லை. மறுநாள் தூக்குவாளியில் தயிர்ச்சோறு கட்டிக் கொடுத்தாள். வீரமணி வண்டியில் கள்ளக்குறிச்சி வரை கொண்டுபோய் இறக்கினான்.

கேள்வித்தாள் யூனிட் வாரியாக இருந்தது. ஒவ்வொரு யூனிட்டிலும் இரண்டு பெரிய கேள்விகள், இரண்டில் ஒன்றை எழுத வேண்டும். இரண்டாவது யூனிட்டில் கன்ஸ்ட்ரக்டர் ஓவர்லோடிங். எழுதினாள். மூன்றாவதில் ஓவர்ரைடிங். வண்டியும் லாரியும் தாளில் ஓடின. முதல் யூனிட்டில் ஜாவாவின் சிறப்பியல்புகளை ஆங்கிலத்தில் பத்தி பத்தியாக விளக்கச் சொன்ன இடத்தில் கொஞ்சம் தடுமாறினாள். மணி பதினொன்றரை. மிச்சம் ஒரு மணி நேரம். நான்காவது யூனிட்டில் எக்ஸெப்ஷன் இருந்தது, அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அதை எழுதும் முன் கடைசியைப் பார்த்துவிடலாம் என்று தாளைத் திருப்பினாள்.

ஐந்தாவது யூனிட். அப்லெட்டின் வாழ்க்கைச் சுற்றை விளக்குக. அல்லது, எளிய அப்லெட் ஒன்றை எழுதி அதை வலைப்பக்கத்தில் இணைக்கும் முறையை விளக்குக.

இரண்டும் அப்லெட். முன்பக்கத்துச் சின்னக் கேள்விகளில், என்னவென்று புரியாமல் அவள் தள்ளிவைத்த மூன்றும் அப்லெட்தான் என்று இப்போது தெரிந்தது.

வெளியே உலகத்தில் எங்கேயும் இல்லாத, எந்தக் கம்ப்யூட்டரும் காட்டாத, செய்தவர்களே எடுத்துப்போட்ட ஒன்று இந்த அறையில் மட்டும் உயிரோடு இருந்தது. கேள்வி எடுத்தவர் இன்றைக்குத்தான் எடுத்திருப்பார், தீனா சொன்னது சரி. ஆனால் அவர் இன்றைய உலகத்தைப் பார்த்து எடுக்கவில்லை. பத்து வருடத்துக்கு முந்தைய அச்சுத்தாளைப் பார்த்து எடுத்திருந்தார். அப்படித்தான் எடுக்க வேண்டும், அதுதான் விதிமுறை. பழைய திட்டத்துக்குப் பழைய பாடம். அது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். யாராவது ஒரு ஆசிரியரிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். இத்தனை வருடம் கரும்பு வயலில் இருந்தவளுக்குக் கேட்க எந்த ஆசிரியர் இருந்தார்?

அவள் செய்திருக்க வேண்டியது எளிது. அதை விட்டுவிட்டு எக்ஸெப்ஷனை எழுதியிருக்க வேண்டும். ஆனால் அன்று தீனா கடையில் அவளே தட்டிய அந்த அப்லெட் விரலில் இருக்கும், பிடித்துவிடலாம் என்று தோன்றியது. முதல் வரி வந்தது. இம்போர்ட் வந்தது. பெயிண்ட் என்ற மெத்தட் வந்தது. 'வணக்கம்' எழுதுகிற வரி வந்தது. இணைப்பது எப்படி? அந்த வரி வரவில்லை. நினைத்து நினைத்துப் பார்த்தாள், கண்ணில் வந்ததெல்லாம் அந்த வெள்ளைப் பக்கம்தான். அடித்தாள், திரும்ப எழுதினாள், அடித்தாள். நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தபோது மிச்சம் பத்து நிமிடம்தான் இருந்தது.

எக்ஸெப்ஷனைத் தொடங்கினாள். டிரை எழுதினாள். கேட்ச் எழுதிக்கொண்டிருந்தபோது, கண்காணிப்பாளர் தாளை வாங்கிக்கொண்டார்.

வெளியே வீரமணி வேப்பமரத்தடியில் நின்றிருந்தான். "இன்னா?" என்றான்.

"தெரிஞ்சத எழுதல" என்றாள். அவனுக்கு முதலில் புரியவில்லை.

ஜூன் முதல் வாரத்தில் முடிவு வந்தது. வயலில் கரும்பு தீர்ந்து, கருணைக்கிழங்கு நட ஆரம்பித்திருந்தார்கள். போனில் பார்த்தவள் வரப்பிலேயே உட்கார்ந்தாள். முப்பத்தாறு. நான்கு மதிப்பெண் குறைவு. பிறகு மறுமதிப்பீட்டுக்குப் போட்டபோதும் முப்பத்தாறு முப்பத்தாறாகவே திரும்பிவந்தது. திருத்தியவர் மேல் குற்றமில்லை. எழுதாததற்கு யாரும் மதிப்பெண் போட முடியாது.

முடிவு வந்த அன்று, நடவில் இருந்த பக்கத்து வீட்டுக்காரி, "சாமியப் பேசினா இப்டித்தான்" என்றாள். கொளஞ்சியம்மாள் நிமிர்ந்தாள். நிமிர்ந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"அவ நாப்பதுல முப்பத்தொம்பது பாஸு. உங்க வூட்ல யாருனா ஒண்ணு பாஸு பண்ணியிருந்தா கூட்டியாந்து பேசச் சொல்லு."

கோகிலவாணி எழுந்து நடவில் சேர்ந்துகொண்டாள். முகத்தைத் துடைக்க முடியாதபடி கை சேறாக இருந்தது.

தீனா ஒரு வாரம் அவள் போனை எடுக்கவில்லை. எட்டாம் நாள் அவளே கடைக்குப் போனாள். ஜெராக்ஸ் எடுக்க நின்றவர்கள் போகும் வரை தீனா தலை நிமிரவில்லை.

"என்னாலதான்" என்றான் கடைசியில். "நான் சொல்லாம இருந்திருந்தா நீ அதையும் ரெண்டு நாள் பாத்திருப்ப. நாலு மார்க்கு. ரெண்டு நாள் போதும் அதுக்கு."

"நீ சொன்னது சரிதான் தீனா. அது செத்துப்போச்சு. நான்தான் கண்ணால பாத்தேனே."

"பாத்து இன்னா பண்றது."

"ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள். "நாம சரியா இருந்தோம். பரீச்ச வேற எடத்துல இருந்துது."

அவன் அழுதான். ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் திரும்பி நின்றுகொண்டு அழுதான். அவள் அழவில்லை. ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, அவன் முடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகு தன் முப்பத்தொன்பது தாள்களின் மதிப்பெண் பட்டியல்களையும் பையிலிருந்து எடுத்துக் கொடுத்து, ஒரு நகல் எடுக்கச் சொன்னாள்.

"இது எதுக்கு இப்போ?"

"தீவன ஆலைக்கு. காட்டிப் பாக்கறேன்."

உளுந்தூர்பேட்டை ஆலையின் மேலாளர் நல்ல மனிதர்தான். ஒவ்வொரு பட்டியலாகப் புரட்டிப் பார்த்தார். கணினி வலையமைப்பு எண்பத்தொன்று, தரவுத்தளம் எழுபத்துநான்கு. பில் போட இதில் கால்வாசி போதும் என்பது அவருக்கும் தெரியும். ஜாவாவே தேவையில்லை என்பதும் தெரியும். தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய படிவத்தில் சான்றிதழ் எண் கேட்கிறார்கள் என்றார். அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்கே போகாது.

"பேக்கிங்ல ஆள் எடுக்கறோம்மா. மூட்டை தைக்கிற வேலை. அதுக்கு இதெல்லாம் கேக்க மாட்டாங்க. வரியா?"

வெளியே வரிசையாக லாரிகள் சென்னைப் பக்கமும் திருச்சிப் பக்கமும் போய்க்கொண்டிருந்தன. வீரமணி வாசலில் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வரேன் சார்" என்றாள்.

அவர் ஒரு தாளை நீட்டினார். பெயர், ஊர், கணவர் பெயர், அவசரத்துக்குக் கூப்பிட ஒரு எண். எல்லாம் எழுதினாள். அதற்குக் கீழே கல்வித் தகுதி என்று ஒரு கோடு. சான்றிதழ் இருக்கிற படிப்பை மட்டும் எழுதச் சொன்னார் மேலாளர், மன்னிப்புக் கேட்பது போன்ற குரலில்.

கோகிலவாணி பேனாவைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, எழுத்து கலையாமல், பத்தாம் வகுப்பு என்று எழுதினாள்.